அழித்த காவடி வீடியோ: ஹேண்ட்போனில் தேடாதீர்கள், கார்டைத் தொடாதீர்கள்

"அண்ணே, தைப்பூசத்துல அப்பா காவடி எடுத்துத் தண்ணீர்மலை ஏறின வீடியோ ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு என் ஹேண்ட்போன்ல, ஒண்ணு தம்பியோட கேமராவுல. இடம் பத்தலன்னு போன்ல இருந்ததை அழிச்சிட்டேன், குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டேன். கேமராவுல இருக்கேன்னு நெனச்சேன். பார்த்தா தம்பி அதையும் அழிச்சிட்டு, அதுக்கப்புறம் ஒரு சின்ன வீடியோ வேற எடுத்திருக்கான். டவுன்ல ஒரு கடையில 400 வெள்ளி குடுத்தா போன்லேர்ந்து எடுத்துத் தர்றோம்னு சொல்றாங்க. குடுக்கலாமா? கிடைக்கலன்னா அது இருந்ததுக்குத் தடயமாவது மிஞ்சுமா?"

கொடுக்காதீர்கள். முதலில் தம்பிக்கு ஃபோன் போட்டு, கேமராவிலிருந்து கார்டை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் நம்பிக்கை முழுவதும் அந்தக் கார்டில்தான் இருக்கிறது. கடைக்காரர் கைகாட்டும் ஹேண்ட்போனில் இல்லை. இரண்டிலும் அழித்தது ஒரே மாதிரி விரலால் தொட்டுத்தான், ஆனால் உள்ளே நடந்தது வேறு வேறு.

ஹேண்ட்போனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் பணம் போகப் பார்க்கிறது.

2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தது. அதிலிருந்து, அந்தப் பதிப்போடோ அதற்குப் பிந்தைய பதிப்போடோ கடைக்கு வரும் எல்லா ஃபோன்களிலும் கோப்புகளைப் பூட்டி வைப்பது கட்டாயம். பூட்டு ஃபோன் முழுவதற்கும் ஒன்று இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் தனிச் சாவி உண்டு. அந்தச் சாவியை உருவாக்க வேண்டிய ஒரு சின்ன எண் அந்தக் கோப்பைப் பற்றிய குறிப்பில், அதாவது கோப்பின் அளவு, தேதி, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் எழுதியிருக்கும் பதிவில், சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் வீடியோவை நிரந்தரமாக அழிக்கும்போது அந்தக் குறிப்பு போய்விடுகிறது. அதோடு அந்த எண்ணும் போகிறது. வீடியோவின் பைட்டுகள் சிப்பில் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தாலும் அவற்றைப் படிக்க வழி இல்லை. ஐஃபோனிலும் இதே கதைதான்: ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சாவி, அது கோப்பின் குறிப்போடு சேர்ந்தே மறையும்.

இன்னொன்றும் நடக்கிறது. "இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்" என்று ஃபோன் தன் சேமிப்புச் சிப்புக்குச் சொல்லிவிடும். சிப் தன் வசதிக்கு அந்த இடங்களைத் துடைத்து வைத்துக்கொள்ளும். இரவு சார்ஜில் போட்டுத் தூங்கும்போது இது பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால் சிப்பையே கழற்றிப் படிக்கிறோம் என்று யாராவது சொன்னாலும் கிடைப்பது வெறும் பூஜ்யங்களோ அர்த்தமில்லாத பைட்டுகளோதான். கடைக்காரருக்கு உபகரணம் இல்லாதது இங்கே பிரச்சினையே இல்லை. உலகத்தில் யாரிடமும் அந்தச் சாவி இல்லை.

அப்படியென்றால் அந்தக் கடை எதைக் காட்டி 400 வெள்ளி கேட்கிறது? பெரும்பாலும் ஒரு செயலியை ஓட்டுவார்கள். அது ஃபோனில் ஒளிந்திருக்கும் கோப்புறைகளைத் துழாவி, கேலரி தனக்காக எடுத்து வைத்திருந்த சின்னச் சின்ன முன்னோட்டப் படங்களைப் பொறுக்கிக் கொண்டு வரும். திரையில் அப்பா காவடியோடு நிற்கும் படம் தெரியும். "பார்த்தீங்களா, இருக்கு" என்பார்கள். அது வீடியோ இல்லை, தபால்தலை அளவு ஒரு படம். அதன் அளவைத் தொட்டுப் பாருங்கள்: சில பத்து கேபி இருக்கும். உங்கள் வீடியோ பல நூறு எம்பி இருந்திருக்கும்.

கடையைச் சோதிக்க ஒரு நேர்மையான வழி உண்டு. உங்கள் ஃபோன் மாதிரியே இன்னொரு ஃபோனில் அவர்கள் முன்னாலேயே ஒரு நிமிட வீடியோ எடுங்கள், அழியுங்கள், குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். "இதை எடுத்துக் காட்டுங்க அண்ணே, அப்புறம் என் ஃபோனைத் தர்றேன்" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அழித்ததை எடுக்கத் தெரியாதவர் ஐந்து வாரத்துக்கு முன்னால் அழித்ததை எப்படி எடுப்பார்? நான் சொல்லி அனுப்பிய நாலைந்து பேரில் ஒருவருக்கும் எந்தக் கடையும் இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை முதலில் பாருங்கள். உங்கள் ஃபோனில் மைக்ரோ எஸ்டி கார்டு போட்டிருக்கிறீர்களா? கேமரா செட்டிங்கில் சேமிக்கும் இடம் அந்தக் கார்டு என்று இருந்ததா? அப்படியானால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள். சாதாரணமாகப் போட்டுப் பயன்படுத்தும் கார்டுக்கு அந்தச் சாவி வேலை எதுவும் கிடையாது. அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே கேமரா கார்டுக்குச் சொல்வதைச் செய்யுங்கள்.

ஃபோனுக்கு உள்ளே கிடைக்காது என்றாலும், வீடியோவின் நகல் ஃபோனிலேயே இன்னோர் இடத்தில் இருக்கலாம். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தைப்பூசத்தன்று குடும்பக் குழுவில் அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் போட்டீர்களா? போட்டிருந்தால் ஆண்ட்ராய்டில் அனுப்பிய நகல் தனியாக ஒரு கோப்புறையில் உட்கார்ந்திருக்கும். கேலரியில் மூல வீடியோவை அழித்தாலும் இது போகாது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Video/Sent
```

அங்கே `VID-20250211-WA0007.mp4` என்பது போன்ற பெயரில் இருக்கும். நடுவில் உள்ளது அனுப்பிய தேதி, கடைசியில் அன்றைய வரிசை எண். சுருக்கப்பட்ட நகல்தான், அப்பாவின் முகத்தை டிவியில் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் மங்கலாக இருக்கும். ஆனால் குரல், உறுமி, படியேறியது எல்லாம் இருக்கும். அங்கே இல்லையென்றால் குழுவில் இருப்பவர்களிடம் கேளுங்கள். பெரியம்மா ஃபோனை யாரும் சுத்தம் செய்வதில்லை, பல நேரம் அங்கேதான் கிடைக்கிறது. டெலிகிராமில் அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது, அந்த உரையாடலை அழிக்காதவரை அது அவர்களுடைய சர்வரில் இருக்கும்.

குப்பைத் தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஃபோனில் தொட்டி ஒன்றல்ல. கேலரிக்கு ஒன்று, கோப்புகளைப் பார்க்கும் செயலிக்கு ஒன்று, கூகுள் ஃபோட்டோஸுக்கு ஒன்று என்று இருக்கலாம். கூகுள் ஃபோட்டோஸில் மேகத்துக்கு ஏற்றப்பட்டவை 60 நாளும் ஏற்றப்படாதவை 30 நாளும் தொட்டியில் கிடக்கும். எதைக் காலி செய்தீர்கள் என்று நினைவில்லையென்றால் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு 11-இலிருந்து தொட்டிக்குப் போகும் வீடியோ பல ஃபோன்களில் இடம்கூட மாறுவதில்லை, அதே கோப்புறையில் பெயர் மட்டும் மாறி ஒளிந்துகொள்கிறது. கணினியில் ஒளிந்த கோப்புகளையும் காட்டும்படி வைத்துப் பார்த்தால் இப்படித் தெரியும்:

```
.trashed-1742476500-VID_20250211_063812.mp4
```

அந்த நடு எண் எனக்கு மிகவும் பிடித்த தடயம். அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள். எப்போது தானாக அழிய வேண்டும் என்ற கெடு. லினக்ஸில் `date -d @1742476500` என்று கேட்டால் நம் நேரப்படி 2025 மார்ச் 20, இரவு 9.15 என்று வரும். கெடு 30 நாள் என்பதால் 30 நாள் பின்னால் போனால் பிப்ரவரி 18, இரவு 9.15. அதாவது யாரோ அந்த நிமிடத்தில் "டிலீட்" அழுத்தியிருக்கிறார்கள். வீட்டில் "நான் அழிக்கலையே" என்று பேச்சு வரும்போது இது ஒரு சண்டையை முடித்துவைக்கும், அல்லது ஆரம்பித்துவைக்கும்.

சரி, இப்போது கார்டு.

கேமராவில் போடும் 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் கோப்புகளை வைக்கின்றன. இதைப் பழைய நூலகமாக நினைத்துக்கொள்ளுங்கள்: அலமாரியில் புத்தகங்கள், வாசலில் ஒரு பதிவேடு. அழிக்கும்போது கேமரா அலமாரிக்குப் போவதே இல்லை. பதிவேட்டில் அந்த வரியின் முதல் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு, "இந்த இடங்கள் காலி" என்று குறித்துவைக்கிறது. ஒரு கோப்புக்குப் பதிவேட்டில் குறைந்தது மூன்று வரிகள் இருக்கும், ஒவ்வொன்றும் 32 பைட்டு. அவற்றின் முதல் பைட்டு மட்டும் மாறுவதைப் பாருங்கள்:

```
இருந்தபோது    85   C0   C1
அழித்தபின்     05   40   41
```

மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்: பெயர், எடுத்த தேதி, நேரம், எத்தனை பைட்டு, எந்த இடத்தில் தொடங்குகிறது. நன்றாக ஃபார்மட் செய்த கார்டில் கேமரா வீடியோவைத் துண்டு துண்டாகச் சிதறடிக்காமல் ஒரே நீளமாக எழுதும். அப்படி எழுதியதற்குப் பதிவேட்டிலேயே ஓர் அடையாளமும் இருக்கும். தொடங்கும் இடமும் நீளமும் தெரிந்தால் போதும், வீடியோ முழுதாக வந்துவிடும். அழித்த பிறகு எதுவும் எழுதாத கார்டில் இது ஏறக்குறைய நிச்சயம்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் தம்பி எடுத்த அந்தச் சின்ன வீடியோ. காலி என்று குறித்த இடத்தில்தான் கேமரா அதை எழுதியிருக்கும். எவ்வளவு சாப்பிட்டது, எந்தப் பக்கம் சாப்பிட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போன வருஷம் எனக்கு வந்த ஒரு கார்டு கிட்டத்தட்ட இதே நிலைமை, அதை முழுதாகச் சொல்கிறேன்.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை காலை நான் பசியாறிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டான். அக்காவின் நிச்சயதார்த்தம். `C0006.MP4` என்ற வீடியோ, 9 நிமிடம் 20 நொடி. தவறுதலாக அழித்துவிட்டு, தெரியாமல் அடுத்து 2 நிமிடம் எடுத்துவிட்டான், அது `C0007.MP4`. ஏற்கெனவே ஏதோ ஒரு மென்பொருளை மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்திருக்கிறான். `C0006` என்ற பெயரிலேயே 3.5 ஜிபிக்கு ஒரு கோப்பு கிடைத்தது. திறந்தால் `C0007` ஓடுகிறது! இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "மேலேயே எழுதிடுச்சு அண்ணே, போச்சு" என்று உட்கார்ந்துவிட்டான்.

போகவில்லை. ஏன் என்று புரிய எம்பி4 கோப்பின் உள்ளமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். அது மூன்று பெட்டிகள் வரிசையாக வைத்தது போல. முதலில் `ftyp` என்ற சின்னப் பெட்டி, நான் இன்ன வகைக் கோப்பு என்று சொல்வது. அடுத்தது `mdat`, படமும் ஒலியும் எல்லாம் கொட்டிக் கிடக்கும் பெரிய பெட்டி. கடைசியில் `moov`, அதில் படம் எதுவும் இல்லை, வெறும் அட்டவணை: எத்தனையாவது ஃபிரேம் கோப்பின் எந்த பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம். ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எத்தனை ஃபிரேம் என்று தெரியும் என்பதால் பெரும்பாலான கேமராக்கள் இதைக் கடைசியில் எழுதுகின்றன. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 9 நிமிடம் 20 நொடிக்கு 14,000 ஃபிரேம். அந்த அட்டவணை முழுவதும் சேர்த்து ஒரு எம்பிகூட வராது. ஆனால் அது இல்லாமல் 3.5 ஜிபியும் வெறும் குப்பை.

இப்போது பையனுடைய கார்டு. பதிவேட்டில் இரண்டு கோப்பும் ஒரே இடத்தில் தொடங்குவதாக எழுதியிருந்தது, 41,602-ஆவது கட்டம். புதியது பழையதின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. கார்டின் இடத்தைச் சம அளவில் பிரித்த துண்டுதான் கட்டம், ஒன்று 128 கேபி. பழைய வீடியோவுக்கு ஏறத்தாழ 26,700 கட்டம், புதியதற்கு 5,700 சொச்சம். ஆக முதல் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. மீதி, கடைசியில் இருக்கும் `moov` உட்பட, அப்படியே இருக்கிறது.

அப்புறம் ஏன் புது வீடியோ ஓடியது? பிளேயர் கோப்பைத் தலையிலிருந்து படிக்கிறது. தலையில் இருப்பது புது வீடியோவின் `ftyp`. அடுத்து புது `mdat`, "நான் 750 எம்பி" என்று சொல்கிறது. அதைத் தாண்டிக் குதித்தால் புது வீடியோவின் `moov`. பிளேயருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது, அதற்கு மேல் பார்க்காமல் அதை ஓட்டுகிறது. பின்னால் பழைய வீடியோவின் 2.7 ஜிபி கிடப்பது அதற்குத் தெரியாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கையை விரித்துவிடுகிறார்கள், காசு வாங்குகிறவர்கள் உட்பட.

நான் செய்தது சின்ன வேலை. பைட்டுகளை நேரடியாகப் பார்த்துத் திருத்த உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்து, கடைசியிலிருந்து பின்னோக்கி `moov` என்ற எழுத்துகளைத் தேடினேன். கிடைத்தது. தலையில் இருக்கும் `mdat` பெட்டியின் நீளத்தை, அந்தப் பழைய `moov` தொடங்கும் இடம் வரை நீட்டி எழுதினேன். மாற்றியது நாலு பைட்டு. இப்போது பிளேயர் குதித்தால் புது அட்டவணையைத் தாண்டி நேராகப் பழைய அட்டவணையில் போய் இறங்கும். ஓட்டினேன். முதல் 2 நிமிடம் பச்சையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டமாக வந்தது, ஒலி கரகரத்தது. பழைய அட்டவணை புது வீடியோவின் நடுவே கைவிட்டுத் துழாவுகிறது, வேறெப்படி இருக்கும். 2 நிமிடம் தாண்டியதும் ஒரு நொடி தடுமாறிவிட்டுத் தாம்பூலத் தட்டு தெளிவாக வந்தது. அதிலிருந்து கடைசி வரை, ஏறத்தாழ 7 நிமிடம் 20 நொடி, மூலத் தரத்திலேயே. பாழான பகுதியை `ffmpeg` என்ற கருவியால் வெட்டினேன்:

```
ffmpeg -ss 00:02:02 -i C0006_fix.MP4 -c copy nichayam.mp4
```

மோதிரம் போட்டது ஐந்தாவது நிமிடத்தில். பையன் பிழைத்தான்.

நேர்மாறாகவும் நடந்திருக்கலாம். புது வீடியோ பழையதின் வாலில் எழுதப்பட்டிருந்தால் படமெல்லாம் இருக்கும், அட்டவணை போயிருக்கும், கோப்பு எதிலும் திறக்காது. அப்போது வேறு வழி: அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த ஒரு நல்ல வீடியோவை மாதிரியாகக் கொடுத்தால் `untrunc` என்ற இலவசக் கருவி, கொட்டிக் கிடக்கும் பைட்டுகளில் எது படம், எது ஒலி என்று பிரித்து அட்டவணையைத் திரும்ப எழுதப் பார்க்கும்.

```
untrunc nalla.mp4 udaintha.mp4
```

மாதிரி வேறு கேமராவில் எடுத்ததாக இருந்தால், ஏன், அதே கேமராவில் வேறு தரத்தில் எடுத்ததாக இருந்தால்கூட வேலை செய்யாது. வந்தாலும் ஒலி ஓடிக்கொண்டே படம் பின்தங்கும்.

நடுவில் சாப்பிட்டிருந்தால் அதுதான் மூன்றிலும் லேசு. தலையும் வாலும் இருப்பதால் கோப்பு திறக்கும், நடுவில் மட்டும் பாழ்.

பதிவேட்டு வரியே போயிருக்கலாம், சில கேமராக்கள் புதுப் பெயரை அழித்த வரியின் மேலேயே எழுதிவிடும். அப்போதுதான் `photorec` மாதிரி கருவிகள் வேண்டும். அது பதிவேட்டைப் பார்ப்பதில்லை, அலமாரி முழுக்க நடந்து `ftyp` மாதிரி அடையாளங்களைத் தேடும். பெயரும் தேதியும் கிடைக்காது, `f5242880.mp4` என்பது போல எண்தான் வரும். தலை போன வீடியோவை அது கண்டுகொள்ளாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பையனுடைய மாதிரி விஷயத்தில் "எதுவும் இல்லை" என்றுதான் சொல்லும்.

நீங்கள் செய்ய வேண்டியது. பூட்டுப் போட்ட கார்டை மடிக்கணினியில் செருகுங்கள். பூட்டு ஏன் என்றால், விண்டோஸ் ஒரு கார்டைப் பார்த்ததும் கேட்காமலேயே தன் கோப்புறை ஒன்றை அதில் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளது. கார்டைச் சரிபார்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சரிபார்க்கிறேன் என்று வந்து பதிவேட்டில் கைவைத்துவிடும். முதல் வேலை, கார்டு முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாக நகலெடுப்பது. விண்டோஸில் `Win32 Disk Imager` திறந்து `Read` கொடுங்கள். `Write` பக்கம் கை போகக் கூடாது. லினக்ஸ் தெரிந்தவர்கள் இப்படி:

```
sudo ddrescue -d /dev/sdb kad.img kad.map
```

`sdb` என்பது உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம், `lsblk` போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 64 ஜிபி கார்டுக்கு 64 ஜிபி இடம் கணினியில் வேண்டும். சாதாரண ரீடரில் அரைமணி நேரம் போல ஆகும். அதன்பிறகு கார்டு டிராயருக்குள் போய்விட வேண்டும், எல்லாச் சோதனையும் நகலில்தான். `testdisk kad.img` ஓட்டி `Advanced`, பிறகு `Undelete` போனால் அழித்த கோப்புகள் சிவப்பில் பெயரோடு தெரியும். `c` அழுத்தினால் வேறு கோப்புறைக்கு நகலாகும்.

நகலைத் திறந்து பார்த்தால் எங்கு பார்த்தாலும் `00` தான் என்றால் மட்டும் கதை முடிந்தது. அழித்ததோடு நிற்காமல் தம்பி கேமராவில் ஃபார்மட்டும் போட்டிருந்து, அந்தக் கேமரா கார்டை உண்மையாகவே துடைக்கச் சொல்லும் வகையாக இருந்தால் இப்படி ஆகும். பெரும்பாலான கேமராக்களின் சாதாரண ஃபார்மட் பதிவேட்டை மட்டும்தான் புதிதாக்கும், அதனால் ஃபார்மட் போட்டான் என்று கேட்டவுடனே பதறாதீர்கள்.

தடயத்துக்கு வருகிறேன். வீடியோ கிடைக்காவிட்டாலும் அது இருந்தது என்பதற்குச் சாட்சி நிறைய இடத்தில் மிஞ்சும், ஆனால் ஒவ்வொன்றும் சொல்வது கொஞ்சம்தான். கார்டின் பதிவேட்டு வரி, உள்ளடக்கம் முழுவதும் போன பிறகும் பல நாள் இருக்கும். பெயர், அளவு, எடுத்த நேரம் அதில் உண்டு. எப்போது அழித்தார்கள் என்பது மட்டும் கிடையாது, எக்ஸ்ஃபேட்டில் அதற்கு இடமே இல்லை. நேரத்தையும் நம்புவதற்கு முன் கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்து 2018-க்குப் போன கேமராக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டு வரியும் இல்லையென்றால் எண் வரிசையைப் பாருங்கள்: `C0005`, `C0007` இருந்து நடுவில் `C0006` இல்லையென்றால் அதுவே ஒரு சாட்சி.

தம்பி எப்போதாவது கார்டை விண்டோஸ் மடிக்கணினியில் போட்டு அந்த வீடியோவைத் திறந்து பார்த்தானா? அப்படியானால் அந்தக் கணினியில் இன்னும் நல்ல தடயம் கிடைக்கும். திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் விண்டோஸ் ஒரு குறுக்குவழிக் கோப்பை இங்கே வைக்கிறது:

```
%AppData%\Microsoft\Windows\Recent
```

அதற்குள் வீடியோவின் பெயர், அளவு, தேதிகள், அது இருந்த கார்டின் தொடர் எண்வரை இருக்கும். கார்டு கடலில் விழுந்தாலும் இது அழியாது. கோப்புறையைப் படங்களாகக் காட்டும்படி வைத்திருந்தால் முன்னோட்டப் படம் `thumbcache` என்று தொடங்கும் கோப்புகளில் தங்கியிருக்கும். வீடியோவின் ஏதோ ஒரு ஃபிரேம், சின்ன அளவில். ஆனால் கணினியின் குப்பைத் தொட்டியில் தேடிப் பயனில்லை. எஸ்டி கார்டிலிருந்து அழிப்பவை விண்டோஸில் தொட்டிக்குப் போகாமல் நேரே போய்விடும்.

ஃபோனில் மிஞ்சுவது நான் முன்னால் சொன்ன முன்னோட்டப் படங்கள், `Movies/.thumbnails` மாதிரி இடங்களில். சில நாளில் ஃபோனே அவற்றைச் சுத்தம் செய்துவிடும், அதனால் வேண்டுமென்றால் இன்றைக்கே எடுத்து வையுங்கள். இதற்கு 400 வெள்ளி தேவையில்லை, ஒரு யூஎஸ்பி கேபிள் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் கோப்பு போன பிறகும் செய்திக்குள் மங்கலான சின்னப் படமும் அனுப்பிய நேரமும் நிற்கும். அந்தச் செய்தியை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு என் கணிப்பு: தம்பி எடுத்தது உண்மையிலேயே சின்ன வீடியோதான் என்றால், அப்பா படியேறியதில் முக்கால்வாசிக்கு மேல் கிடைக்கும். தலைப்பக்கம் போயிருந்தால் கிளம்பும் காட்சிதான் நஷ்டம், மேலே போய்ச் சேர்ந்தது இருக்கும். நகலெடுப்பது வரை நீங்களே செய்துவிடலாம். ஹெக்ஸ் எடிட்டர் வேலைக்குப் பயமாக இருந்தால் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கொண்டு வாருங்கள். வரும்போது கேமராவையும் எடுத்து வாருங்கள், செட்டிங் எதையும் மாற்றாமல். வேறொரு கார்டைப் போட்டு அதில் ஒரு நிமிடம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வால் போயிருந்தால் `untrunc` கேட்கும் மாதிரி அதுதான்.